"திருத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது

பயிர் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பாய்வாளரின் கருத்துகள் வந்ததும் பலர் எழுதும் பதில், "நன்றி, திருத்தப்பட்டது" என்பதுதான். எழுத்துப்பிழைக்கு அது போதும். சோதனை அமைப்பைப் பற்றிய கேள்விக்கு அப்படிப் பதில் எழுதினால், கட்டுரை இன்னொரு சுற்றுக்குத் திரும்பி வரும், சில நேரம் நிராகரிக்கவும்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. நெல்லில் மூன்று நீர்ப்பாசன முறைகள் பெரிய பாத்திகளிலும், நான்கு தழைச்சத்து அளவுகள் அவற்றுக்குள் சிறு பாத்திகளிலும் வைக்கப்பட்டன, மூன்று ரெப்ளிகேஷன்கள். இது ஸ்பிளிட்-பிளாட் அமைப்பு. கட்டுரையாளரோ பன்னிரண்டு சேர்க்கைகளையும் ஒரே தளத்தில் வைத்து ஒரே பிழைக் கூறால் சோதித்துவிட்டார். "நீர்ப்பாசனத்தை எந்தப் பிழையைக் கொண்டு சோதித்தீர்கள்?" என்று மதிப்பாய்வாளர் கேட்கிறார்.

இந்தக் கேள்வியின் கூர்மையை உணராமல், "அனோவா முறைப்படி செய்யப்பட்டது, மேற்கோள் சேர்த்துள்ளோம்" என்று எழுதுவதே பெருந்தவறு. பழைய கணக்கில் பிழையின் கட்டின்மைக் கூறு 22. சரியான கணக்கில் அது பெரிய பாத்திக்கு 4, சிறு பாத்திக்கு 18 எனப் பிரிகிறது. 5 சதவீத அளவில் நீர்ப்பாசனம் தாண்ட வேண்டிய எஃப் மதிப்பு 3.44 அல்ல, 6.94. அதுவரை பெருமையாகச் சொல்லிவந்த நீர்ப்பாசன வேறுபாடு காணாமலே போகக்கூடும். போனால், போனது என்றே பதிலில் எழுத வேண்டும்:

"கருத்து சரியானது. தரவைப் பெரிய பாத்தி, சிறு பாத்தி ஆகிய இரு பிழைகளுடன் மீண்டும் பகுத்தாய்ந்தோம். நீர்ப்பாசனத்தின் விளைவு இப்போது புள்ளியியல் முறையில் உறுதியாகவில்லை. தழைச்சத்தின் விளைவு நிலைக்கிறது. அட்டவணை 2, சுருக்கம், முடிவுரை ஆகியவை அதற்கேற்ப மாற்றப்பட்டுள்ளன." இதன்கீழ், மாறிய வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, வரி எண்ணையும் தர வேண்டும். அந்த எண் எந்தப் பிரதிக்கு உரியது என்பதையும் குறிப்பிட வேண்டும். திருத்தங்கள் தெரியும் பிரதியிலும் தூய பிரதியிலும் வரிகள் ஒத்துவராது. இல்லாத இடத்தில் தேடும் மதிப்பாய்வாளர் பொறுமை இழப்பது இயல்பே.

அட்டவணையைத் திருத்திவிட்டுச் சுருக்கத்தில் "நீர்ப்பாசனம் விளைச்சலைக் கணிசமாக உயர்த்தியது" என்ற பழைய வரியை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எனக்கு இதுவே மிகவும் வருத்தம் தருவது, ஏனெனில் பெரும்பாலோர் படிப்பது சுருக்கத்தை மட்டுமே.

இன்னொன்று, விளக்கத்தைப் பதில் கடிதத்தில் மட்டும் எழுதிவிட்டு கட்டுரையைத் தொடாமல் இருப்பது. மதிப்பாய்வாளருக்கு எழுந்த ஐயம் வாசகருக்கும் எழும். பாத்தியின் அளவும் ரெப்ளிகேஷன் எண்ணிக்கையும் செய்முறைப் பகுதியில் இருந்தாக வேண்டும்.

"ஒரே பருவத் தரவு போதுமா?" என்ற கேள்விக்கு மட்டும் கணக்கால் விடை காண முடியாது. புதிய பருவம் விதைக்க இயலாதபோது, அந்தப் பருவத்தின் மழையையும் வெப்பத்தையும் நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுக் கொடுக்கலாம். தலைப்பிலும் முடிவுரையிலும் உள்ள பரிந்துரைத் தொனியைக் குறைத்து, "இந்தப் பருவத்தில், இந்த மண்ணில்" என்று எல்லை வகுத்து எழுதலாம்.