டெஸ்க் ரிஜெக்‌ஷனுக்கு அப்பீல்: “செய்கிறோம் சார்” என்று எழுதாதீர்கள்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி வட்டாரத்தில் பிஎச்டி செய்கிற பிள்ளைகள் சிலர் ஜர்னலுக்கு எழுதும் அப்பீல் கடிதங்களை என்னிடம் காட்டுவார்கள். அனுப்புவதற்கு முன் காட்டுகிறவர்கள் குறைவு, அனுப்பி அடி வாங்கிய பிறகு காட்டுகிறவர்கள்தான் அதிகம். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் எழுதிய அதே கடிதத்தை இவர்களும் எழுதுவதைப் பார்த்ததால்தான் இது. கோபமாக எழுதாதே, எடிட்டர் பெயரைத் தப்பாகப் போடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டெஸ்க் ரிஜெக்‌ஷன் என்றால் பேப்பர் ரிவ்யூவருக்கே போகவில்லை என்று அர்த்தம். எடிட்டர் சுருக்கத்தையும் கவர் லெட்டரையும் படித்து, அட்டவணைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார். அப்படிப் புரட்டும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அப்பீலுக்கு இடம் இருப்பதே அங்கேதான்.

ஸ்கோப் சரியில்லை என்று வந்தால்

விட்டுவிடுங்கள். வேறு ஜர்னல் பாருங்கள்.

இல்லாததைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு பையன் குளத்துத் தண்ணீரில் நைட்ரேட் பற்றி எழுதியிருந்தான். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் நிரம்பும் குளங்கள் ஒரு பக்கம், நாங்குநேரிப் பக்கம் மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் மானாவாரிக் குளங்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் சுற்றி நெல்தான், உரம் போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆற்றுத் தண்ணீர் வந்து வெளியேறிக்கொண்டே இருக்கும் குளத்தில் நைட்ரேட் தங்குகிறதா, கழுவிக்கொண்டு போகிறதா என்பது கேள்வி. நல்ல கேள்வி. எடிட்டர் மூன்று காரணம் சொல்லித் திருப்பினார்: ஒரே பருவத்தில் எடுத்த மாதிரிகள், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் பொருந்தும் விஷயம், ஆங்கிலம் சரியில்லை.

முதல் காரணத்துக்கு இவன் எழுதிய பதில் என்ன தெரியுமா? “தங்கள் கருத்தை ஏற்கிறோம், அடுத்த பருவத்தில் மாதிரிகள் எடுத்துச் சேர்த்துவிடுகிறோம்.” இரண்டே வரியில் பதில் வந்தது: தரவு போதாது என்று நீங்களே ஒப்புக்கொள்வதால் முடிவில் மாற்றம் இல்லை. ஒரு பேப்பருக்கு ஒரு அப்பீல்தான் என்பது அந்த ஜர்னலின் விதி, பல ஜர்னல்களிலும் அப்படித்தான். ஆக, கதவு அடைபட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் பேப்பரில் இரண்டு பருவமும் இருந்தது. கார் அறுவடை முடிந்து ஒரு முறை, பிசானம் முடிந்து ஒரு முறை என்று மாதிரி எடுத்திருக்கிறான். ஆனால் சுருக்கத்தில் பிசானத்தை மட்டும் சொல்லிவிட்டு, கார் பருவத்து அளவுகளைத் துணை அட்டவணையில் கொண்டுபோய் வைத்திருந்தான். எடிட்டர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். “அப்ப ஏம்ப்பா சேர்க்கிறோம்னு எழுதுன?” என்று கேட்டால், “எடிட்டர் சொன்னத ஒத்துக்கிட்டா மனசு எளகும்லா சார்” என்கிறான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நம் டாக்டோரல் கமிட்டியில் இருந்துதான். அங்கே யாராவது குறை சொன்னால் “செய்கிறோம் சார்” என்று எழுதிக்கொண்டால் போதும், பேச்சு அடுத்த ஆளிடம் போய்விடும். ஜர்னலில் அது நடக்காது. அப்பீலில் எடிட்டர் மறுபடி பார்ப்பது நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய பேப்பரை. இனிமேல் எடுக்கப்போகும் மாதிரி அதில் கிடையாது. அதைச் சேர்த்தால் அது வேறு பேப்பர், புதிதாகத்தான் அனுப்ப வேண்டும். எனவே நீங்கள் வாக்குக் கொடுக்கும்போதே எடிட்டர் சொன்னது சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கடிதத்தை எழுதியபின் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். தரவு, முறை பற்றிய பதில்களில் எடுப்போம், சேர்ப்போம், ஆராய்வோம் என்று எதிர்காலமாகவே வந்தால் உங்களிடம் அப்பீலுக்கு விஷயம் இல்லை என்று அர்த்தம். உள்ளது, கொடுத்திருக்கிறோம் என்று வந்து, பக்கத்தில் வரி எண்ணும் இருந்தால் அனுப்பலாம்.

அவன் கடிதம் எப்படி இருந்திருக்க வேண்டும்? (ஆங்கிலத்தில்தான் போகும், சாரத்தை மட்டும் சொல்கிறேன்.) முதலில் மேனுஸ்கிரிப்ட் எண், தலைப்பு, படித்ததற்கு ஒரு வரி நன்றி. அடுத்து என்ன கேட்கிறோம் என்பது: ரிவ்யூவுக்கு அனுப்பலாமா என்று மறுபரிசீலனை செய்யுங்கள், அவ்வளவே. பேப்பரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கக் கூடாது, அதைத் தீர்மானிக்க இன்னும் யாரும் படிக்கவே இல்லையே. அதன் பிறகு எடிட்டரின் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில்:

“மாதிரிகள் இரண்டு பருவங்களில் எடுக்கப்பட்டவை. மாதிரி எடுத்த விதம் முறைகள் பகுதியில், வரி 118 முதல் 126 வரை உள்ளது. கார் பருவத்து அளவுகள் துணை அட்டவணை 2-இல் உள்ளன. சுருக்கத்தில் இதை நாங்கள் சொல்லாததால் ஒரே பருவம் என்ற எண்ணம் வந்திருக்கக்கூடும்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். நீங்கள் படிக்கவில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் அவர் முடிவை மாற்றிக்கொள்ள மரியாதையான ஒரு வழி விட்டிருக்கிறது. இது இல்லாமல் வெறும் வரி எண்ணைத் தூக்கிப் போட்டால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும்.

ஆங்கிலம் பற்றிய காரணத்துக்கு மட்டும் எதிர்காலத்தில் எழுதலாம். “ஒப்புக்கொள்கிறோம், ரிவ்யூவுக்குப் போகும் முன் மொழியைத் திருத்தித் தருகிறோம்” என்றால் தப்பில்லை, ஏனென்றால் அதனால் தரவு மாறப்போவதில்லை. மூன்று காரணத்தையும் மறுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் மதிப்புக் கூடும்.

ஆற்றின் பெருமை பாடுவது

வட்டார விஷயம் என்ற காரணத்துக்குப் பதிலாக “தாமிரபரணி தென்மாவட்டங்களின் உயிர்நாடி” என்று ஒரு பத்தி. நமக்கு அது உண்மை. எடிட்டருக்கோ அவர் சொன்ன குறையை நாமே உறுதிப்படுத்தியது போல இருக்கும், ஏனென்றால் இது எங்கள் ஊர் விஷயம் என்றுதானே அந்தப் பத்தி சொல்கிறது! அவர் கேட்பது, நெல்லையைப் பார்த்தே இராத ஒரு வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்பது. இந்தப் பேப்பரில் பதில் இருக்கிறது: ஓடும் நீர் குளத்துக்கும் தேங்கும் நீர் குளத்துக்கும் உள்ள ஒப்பீடு, இலங்கையின் உலர்வலயக் குளங்கள் உட்பட, ஏரிப்பாசனம் உள்ள எங்கும் பொருந்தக்கூடிய கேள்வி. ஆனால் அதை விவாதப் பகுதியில் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் வரி எண்ணைக் காட்டுங்கள். எழுதவில்லை என்றால், மேலே சொன்ன வாக்குறுதிக் கதைதான்.

தீசிஸ் கெடு, கைடின் பதவி

கடிதத்தில் வரவே கூடாது.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போது வேறு ஜர்னலுக்கு அனுப்புவது

ஒரே பேப்பர் இரண்டு இடத்தில் பரிசீலனையில் இருப்பதாக ஆகும், தெரியவந்தால் இரண்டும் போகும். அப்பீல்களை எடிட்டர்கள் வேலைக்கு நடுவில்தான் பார்ப்பார்கள், வாரக்கணக்கில் ஆகலாம். நான்கைந்து வாரம் பார்த்துவிட்டு நிலவரம் கேட்டு ஒரு மெயில் போடலாம். அதற்கும் பொறுமை இல்லை என்றால், அப்பீலைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தபின் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

எந்த வழியில் அனுப்புவது என்பதை ஜர்னல் தளத்திலேயே தேடுங்கள். பதிப்பு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் அமைப்பில் உறுப்பினராக உள்ள ஜர்னல்களிடம் அப்பீலுக்கு ஒரு நடைமுறை இருக்க வேண்டும். சில இடங்களில் மெயில், சில இடங்களில் சப்மிஷன் தளம் வழியாக மட்டும்.

அடுத்த ஜர்னலுக்கு அதே சுருக்கத்தோடு போவது

நம் பையன் இதையும் செய்யப் பார்த்தான். அங்கே இருக்கும் எடிட்டரும் முதலில் சுருக்கத்தைத்தான் படிப்பார், அவரும் ஒரே பருவம் என்றுதான் நினைப்பார். துணை அட்டவணையைக் கட்டுரைக்குள் கொண்டுவா, சுருக்கத்தின் இரண்டாவது வரியில் கார், பிசானம் இரண்டையும் மாதத்தோடு எழுது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.