ஓடிபிக்கு முன்னால் ஒரு வார்த்தை: செயலி வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் செயலி வழியாகக் கார் பிடித்து ஏறுகிறவர்களில் பலர் ஓட்டுநரிடம் முதலில் சொல்வது நான்கு எண்கள். காதில் ஒரு கைப்பேசி அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தியபடியே "ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்று" என்று காற்றில் வீசுவார்கள். ஓட்டுநர் அப்போதுதான் பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டிருப்பார். பாதி எண் காதில் விழாது. மறுபடி கேட்பார். இவர் அழைப்பில் இருப்பவரிடம் "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு அதே எண்ணைச் சற்று எரிச்சலோடு திருப்பிச் சொல்வார். பயணம் தொடங்கி அரை நிமிடம் ஆகவில்லை, அதற்குள் இருவருக்கும் மனம் கசந்துவிடும்.

வண்டியில் பேச வேண்டுமா, வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த முதல் அரை நிமிடத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள். பேச்சுக்கு வேலை இருப்பது அங்கேதான். அங்கே சரியாகப் பேசிவிட்டால், அதன் பிறகு இறங்கும் வரை வாயே திறக்காவிட்டாலும் அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏறும்போது "வணக்கம்" என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அது கொஞ்சம் மேடைத்தனமாக ஒலிக்கிறது என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. நம் வழக்கத்தில் வரவேற்கிறவரின் சொல் "வாங்க". வண்டி ஓட்டுநருடையது, ஆகவே அதைச் சொல்ல வேண்டியவர் அவர். "வாங்க சார்", "வாங்கம்மா" என்று அவர் சொன்னால், அவர் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்போ ஒரு "வணக்கம் அண்ணா"வோ போதும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் தொடங்கலாம். அழைப்பில் இருந்தால் அதை முடித்துவிட்டு ஏறுங்கள். முடியாத அழைப்பென்றால், எண் தெரியும் திரையை அவர் பக்கம் நீட்டுங்கள். கத்துவதைவிட அது நல்லது.

எப்படி அழைப்பது என்பதில் செயலி நம்மை ஒரு குழியில் தள்ளுகிறது. திரையில் "முருகன்" என்று வெறும் பெயர் வரும். ஆங்கிலத்தில் பழகிய வழக்கப்படி, "முருகன், கொஞ்சம் வேகமாகப் போகலாமா?" என்று இருபத்தைந்து வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரிடம் கேட்கிறார். கேட்டவர் அதை நட்பு என்று நினைக்கிறார். தமிழில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் காதில் அது அதிகாரமாகவே விழும். "அண்ணா", "சார்", வயதானவர் என்றால் "ஐயா", இவற்றில் ஏதாவது ஒன்று. இளைஞராக இருந்தாலும் "தம்பி" என்றவுடன் "நீ"க்கு இறங்கிவிடாதீர்கள். "தம்பி, இப்படிப் போங்கள்" என்பதுதான் கேட்க இதம். ஓட்டுநர் பக்கமும் ஒன்று உண்டு. கல்லூரிப் பெண்ணை அவர் "அம்மா" என்று அழைத்தால் வயதைக் கூட்டிவிட்டார் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் அது விலகி நிற்கும் மரியாதை.

பெயருக்கு வேறொரு பயன் இருக்கிறது, அதையும் தலைகீழாகவே செய்கிறோம். வண்டி வந்து நின்றதும் கண்ணாடிக்குள் குனிந்து, "கவிதாவுக்கு வந்த வண்டியா?" என்று கேட்பது பெண்கள் பலரின் பழக்கம். யார் வேண்டுமானாலும் அதற்கு "ஆமாம்" என்று சொல்லிவிடலாம். "யாருக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் பெயரை அவர் வாயிலிருந்து வர விடுங்கள். வண்டி எண்ணையும் படத்தையும் அதற்கு முன்பே ஒத்துப்பார்த்திருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலைய வாசலில் ஒரே நிறத்தில் ஆறு கார்கள் நிற்கும்போது இந்த ஒரு கேள்விதான் சரியான வணக்கம். ஓடிபியை ஏறி உட்கார்ந்த பிறகே சொல்லுங்கள். வழியில் வரும்போதே போனில் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எண்ணைப் போட்டதும் பயணம் தொடங்கிவிட்டதாகச் செயலி கணக்கு வைத்துக்கொள்ளும்.

அடுத்தது வழி. சென்ற ஆண்டு விமான நிலையத்திலிருந்து வடபழனிக்குப் போனேன். ஓட்டுநர் கலகலப்பானவர், நானும் சளைத்தவன் இல்லை. அவருடைய ஊர், மழை, பெட்ரோல் விலை என்று போய்க்கொண்டிருந்தது. கத்திப்பாரா மேம்பாலத்தை நெருங்கும்போது நான் ஏதோ கேட்க, அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பதில் சொல்ல, வடபழனிக்குப் பிரியும் வழியை விட்டுவிட்டு நேராகக் கிண்டிப் பக்கம் இறங்கிவிட்டோம். திரும்பி வர இருபது நிமிடம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். நல்ல பேச்சுக்கும் இடம் உண்டு: சிக்னலில் நிற்கும்போது, நேர்சாலையில் போகும்போது. மேம்பாலம், ரவுண்டானா, லேன் மாறும் இடம், கொட்டும் மழை, வழிகாட்டிக் குரல் "இருநூறு மீட்டரில்" என்று தொடங்கும் நேரம், இங்கெல்லாம் பாதி வாக்கியத்திலும் நிறுத்திவிடலாம். வழியில் ஏதாவது விருப்பம் இருந்தால் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். திருப்பத்தை எட்டியபின் சொல்வதில் பயனில்லை.

இனி மௌனம். பயணி பேசாமலிருந்தால் அது களைப்பு, தலைவலி, அலுவலகக் கவலை. ஓட்டுநர் பேசாமலிருந்தால் மட்டும் "திமிர்" என்று எடுத்துக்கொள்கிறோம். பயணம் முடிந்ததும் நட்சத்திர மதிப்பெண் போடுவது அவருக்குத் தெரியும் என்பதால், விருப்பமில்லாமலும் பேச்சுக்கு ஈடுகொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஊபர் 2019இல் பேசாமல் போவதற்கென்றே செயலியில் ஒரு தேர்வை வைத்தது, விலை கூடிய வண்டிகளில் மட்டும். மௌனத்துக்கும் முதல் வகுப்பு! நமக்கு அது தேவையில்லை. "கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன் அண்ணா, வந்ததும் சொல்லுங்கள்" என்றால் யாரும் தவறாக நினைப்பதில்லை. தூங்குவது போல் நடிப்பதைவிட இது நேர்மை. இரவில் தனியாகப் போகிறவர் கண்ணை மூடவும் வேண்டாம். "கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கலாம்.

ஓட்டுநரின் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினால், பாட்டுச் சத்தத்தை ஒரு படி கூட்டினால், அவர் பேச்சை முடித்துவிட்டார் என்று அர்த்தம். "ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பது நமக்குப் புதிய கேள்வி, காலையிலிருந்து ஏறிய நாலு பேர் அவரிடம் அதையே கேட்டிருப்பார்கள். "எந்த ஊர்?" என்று தொடங்கி "அங்கே எந்தத் தெரு?" என்று போவது எதைத் தேடும் கேள்வி என்பது இருவருக்குமே தெரியும். ஓட்டுநர்களும் தனியாக வரும் பெண்ணிடம் "வீட்டில் யார் யார்?", "தினமும் இந்த நேரம்தானா?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். நல்ல மனதோடு கேட்டாலும், பின் இருக்கையில் அது பயமாகத்தான் போய்ச் சேரும்.

மௌனம் கூடாத இடங்கள் கொஞ்சம்தான். ஓட்டுநருக்குக் கண் சொக்குகிறது என்று தெரிந்தால், அவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால், வண்டி வேறு வழியில் திரும்பினால் உடனே கேளுங்கள். "அண்ணா, ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்" என்று நான் ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்குச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. டீக்கடையில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து வண்டியை எடுத்தார். எழும்பூரில் பெட்டியை இறக்கிவைத்ததும் "வருகிறேன்" என்றேன். "சரிங்க சார்" என்றார்.