வாடகை வீடுகளைப் புதிய நிர்வாகியிடம் ஒப்படைக்கிறீர்களா? கோப்பில் நேரும் தவறுகள்

இதுவரை தானே பார்த்துக்கொண்ட ஐந்தாறு வாடகை வீடுகளை உரிமையாளர் ஒரு நிர்வாகியிடம் விடும்போது, பெரும்பாலும் மூன்று பொருள்கள் கைமாறும்: ஒப்பந்த நகல்கள் ஒரு கட்டு, சாவிக்கொத்து, பெயரும் வாடகையும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தாள். முதல் சில மாதங்களுக்கு இவை போதுமானவைபோலத்தான் தெரியும். யாராவது வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் கோப்பில் இருந்த ஓட்டைகள் வெளியே வரும். அப்போது பழைய கணக்கை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கோப்புகளில் உள்ள அடிப்படைக் கோளாறு ஒன்றுதான். ‘வீடு எப்படிப்பட்டது’ என்று அவை சொல்கின்றன; ‘ஒப்படைத்த நாளில் கணக்கு எந்த நிலையில் இருந்தது’ என்று சொல்வதில்லை. ஆகவே முதலில் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். அதற்கு முந்தைய வரவும் செலவும் உரிமையாளருடைய பொறுப்பு, அன்றிலிருந்து நிர்வாகியின் பொறுப்பு. மாதத்தின் முதல் நாளாக வைத்தால் கணக்குப் பிரிப்பது எளிது. கோப்பின் ஒவ்வொரு தாளும் அந்தத் தேதியில் நிலைமை என்ன என்பதைச் சொல்ல வேண்டும்.

‘பாக்கி இல்லை’ என்று மட்டும் எழுதுவது

மிக அதிகமான பணத்தைச் சாப்பிடும் தவறு இதுதான். ஒரு வீட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒப்படைப்பு நாள் ஜூலை 1. நான்காம் எண் வீட்டைப் பற்றித் தாளில் இருப்பது: ‘மாத வாடகை 10,000. முன்பணம் 30,000. பாக்கி இல்லை.’

மூன்றும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர் மாதம் முடிந்த பிறகு வாடகை கொடுப்பவர். ஜூலை 5 அன்று அவர் கட்டும் 10,000 ஜூன் மாதத்துக்கானது. உரிமையாளருக்கு இது பழகிப்போன விஷயம். அவர் மனதில் உண்மையாகவே பாக்கி இல்லை. புதிய நிர்வாகிக்கோ ஜூலையில் வந்தது ஜூலை வாடகை. ஆகஸ்ட் 5, செப்டம்பர் 5 இரண்டையும் அதே வரிசையில் பதிந்துகொண்டு போகிறார்.

செப்டம்பர் 30 அன்று அவர் வீட்டைக் காலி செய்கிறார். நிர்வாகியின் ஏட்டில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் வந்துவிட்டன. உண்மையில் வந்தவை ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகைகள். செப்டம்பர் வாடகை 10,000 இன்னும் வரவேண்டும்.

முன்பணத்திலும் இதே கதைதான். ஒப்பந்தத்தில் 30,000 என்று இருந்தாலும், குடிவந்த நாளில் கையில் வந்தது 25,000. மீதி 5,000 ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்ற பேச்சோடு நின்றுவிட்டது. பிறகு ஒரு மாதம் வாடகையில் 5,000 குறைந்தபோது, அதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும்படி உரிமையாளரே சொல்லியிருக்கிறார். ஆக இருப்பது 20,000. அதில் செப்டம்பர் வாடகை போக, சேதம் ஏதும் இல்லையென்றால், திருப்பித் தரவேண்டியது 10,000. கோப்பை நம்பிய நிர்வாகி 30,000 கொடுத்து அனுப்புகிறார். ஒரே வீட்டில் 20,000 நஷ்டம். அவர் போன பிறகு அதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். முன்கூட்டியே இரண்டு மாத வாடகை கட்டிவிட்டு ஊருக்குப் போனவரிடம் ‘பாக்கி வைத்திருக்கிறீர்கள்’ என்று புது நிர்வாகி கடிதம் அனுப்புவதுண்டு. இது பணத்தைவிட மோசம். புதியவர்மீது குடியிருப்பவருக்கு வரவேண்டிய நம்பிக்கை முதல் மாதத்திலேயே போய்விடும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு விவரங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகப் பணம் வந்த தேதியும் தொகையும். அது எந்த மாதத்துக்கானது. எந்தத் தேதிவரை வாடகை தீர்ந்திருக்கிறது. ஒப்படைப்பு நாளில் நிலுவை அல்லது மிகுதி எவ்வளவு. நான்காம் வீட்டுக்கு இப்படி எழுதியிருந்தால் போதும்: ‘மே 31 வரை தீர்ந்தது. ஜூன் வாடகை 10,000 ஜூலை 5க்குள் வரும். அது உரிமையாளருக்குச் சேரும்.’ கடைசி 12 மாத வரவை வங்கிக் கணக்குத் தாளோடு ஒப்பிட்டு இணைத்தால், இடையில் விடுபட்ட மாதமும் அரைகுறையாக வந்த தொகையும் தாமாகத் தெரிந்துவிடும். ரொக்கமாக வாங்கியிருந்தால் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையே சான்று. அதையும் கோப்பில் சேர்க்க வேண்டும்.

முன்பணத்துக்கும் ஒரே எண் போதாது. ஒப்பந்தத்தில் உள்ள தொகை, உண்மையில் வாங்கியது, இடையில் கழித்தது, இப்போது இருப்பது என்று வரிசையாக வேண்டும். அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது, காலி செய்யும்போது யார் கையிலிருந்து கொடுப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்று சட்டம் உள்ள இடங்களில், நிர்வாகி மாறும் தகவலை அங்கேயும் பதிய வேண்டியிருக்கும். உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொண்டு இந்தத் தாளை முடியுங்கள்.

குடியிருப்பவரைக் கேட்காமல் கோப்பை முடிப்பது

உரிமையாளர் நேர்மையாக எழுதினாலும் அது ஒரு பக்கக் கணக்குதான். வாய்மொழியாக ஒத்துக்கொண்டவை அதில் வராது. ‘இரண்டு வருடத்துக்கு வாடகை கூட்டமாட்டேன்’, ‘வண்டியை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள்’, ‘வெந்நீர் ஹீட்டரை நீங்களே மாற்றுங்கள், போகும்போது எடுத்துப் போகலாம்’ என்று சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவே மாட்டார்.

ஆகவே ஒப்படைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத்தில் ஓர் உறுதித் தாள் கொடுங்கள். வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறது, முன்பணம் எவ்வளவு கொடுத்தார், எத்தனை சாவி வைத்திருக்கிறார், வீட்டில் எந்தப் பொருள் அவருடையது, ஒப்பந்தத்தில் இல்லாமல் உரிமையாளர் ஒத்துக்கொண்டது ஏதாவது உண்டா, சரிசெய்யாமல் நிற்கும் பழுது என்ன என்று கேட்டு அவர் கையெழுத்தை வாங்குங்கள். தொகைகளை நாமே நிரப்பிக் கொடுத்துவிட்டு ‘சரிதானே’ என்று கேட்கக் கூடாது. பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வெற்றிடமாக விட்டு அவரே எழுதினால்தான் முரண்பாடு தெரியும்.

நான்காம் வீட்டுக்காரர் அந்தத் தாளில் முன்பணம் 30,000 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஏட்டில் 20,000. இந்த வேறுபாட்டை நிர்வாகி தன் போக்கில் தீர்க்கக் கூடாது. பேசியது உரிமையாளரும் குடியிருப்பவரும். அவர்களே ரசீதுகளை வைத்துப் பேசி, ஒத்துக்கொண்ட தொகையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது முடியும்வரை அந்த வீட்டின் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் நிறுத்திவைப்பதே நிர்வாகிக்கு நல்லது.

மீட்டர் எண்ணைப் பழைய ரசீதிலிருந்து எழுதுவது

பல வீடுகள் உள்ள கட்டடத்தில் மீட்டர் பலகையில் எழுதியிருக்கும் வீட்டு எண்ணை நம்பாதீர்கள். வயரிங் மாற்றும்போது இரண்டு வீடுகளின் இணைப்பு இடம் மாறியிருந்தாலும் பலகை எழுத்து பழையபடியே இருக்கும். ஒருவர் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு இன்னொருவர் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருப்பார்.

சோதிப்பது எளிது, இருவர் வேண்டும். குடியிருப்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, வீட்டில் இஸ்திரிப் பெட்டி போல மின்சாரம் அதிகம் இழுக்கும் ஒன்றை ஓடவிடுங்கள். மின்னணு மீட்டரில் உள்ள சிறு விளக்கு வேகமாகக் கண்சிமிட்டும். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தால் அதே மீட்டரின் சிமிட்டல் நிற்க வேண்டும். வேறொரு மீட்டர் நின்றால் இணைப்பு மாறியிருக்கிறது. வேகம் குறைந்து, ஆனால் நிற்காமல் சிமிட்டினால், மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ அந்த மீட்டரில் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரை ஓடவிட்டு எந்த மீட்டர் வேகமெடுக்கிறது என்று பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். கண்டுபிடித்ததை எழுதுங்கள், இணைப்பைத் திருத்துவது எலெக்ட்ரீஷியன் வேலை. ஒப்படைப்பு நாளில் மீட்டர் எண்ணும் அளவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

தண்ணீர் வால்வுக்கும் இப்படியே. ‘மாடியில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் நள்ளிரவில் குழாய் உடையும்போது உதவாது. வால்வை மூடி, அந்த வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் தங்கிய நீர் வடிந்து நின்றால் சரியான வால்வு. நிற்காவிட்டால் வேறு வழியிலும் நீர் வருகிறது, அல்லது வால்வு முழுதாக மூடவில்லை. வெகுநாள் திருகாத பழைய வால்வு, திருகிய பிறகு தண்டுப் பகுதியில் கசியத் தொடங்கும். அதனால் பிளம்பர் கிடைக்கும் பகல் நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

சாவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்த பிறகே எண்ணிக்கை எழுதுங்கள். அட்டையில் முகவரி எழுதாமல் குறியீடு மட்டும் போடுங்கள். தொலைந்தால் எடுத்தவருக்கு வீடு தெரியக் கூடாது.

வாடகையை யாரிடம் கட்டுவது என்பதை நிர்வாகியே அறிவிப்பது

முன்பின் தெரியாத ஒருவர் ‘இனி இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று செய்தி அனுப்பினால் கட்டாமல் இருப்பவரே விவரமானவர். மோசடி செய்பவர்களும் இதே வாக்கியத்தைத்தான் அனுப்புகிறார்கள். அறிவிப்பு உரிமையாளரின் கையெழுத்தோடு, ஒரு வாடகைத் தேதிக்காவது முன்னதாகப் போக வேண்டும். எந்த மாத வாடகையிலிருந்து புதிய கணக்கு, முன்பணம் இனி யார் பொறுப்பு, பழுதுக்கு யாரை அழைப்பது என்பவை அதில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உரிமையாளர் எண்ணுக்கே அழைத்து உறுதிசெய்யும்படி எழுதுங்கள். நான்காம் வீட்டுக்காரர் போன்றவருக்கு ‘ஜூலை முதல்’ என்றால் குழப்பம் வரும். ‘ஜூன் வாடகை பழைய கணக்கில், ஆகஸ்ட் 5க்குள் கட்டும் ஜூலை வாடகை புதிய கணக்கில்’ என்று விரித்தே எழுத வேண்டும்.

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் வங்கியில் தானாகப் போகும்படி அமைத்ததை மாற்ற மறந்து, ஒருவராவது பழைய கணக்கிலேயே போடுவார். உரிமையாளர் அந்தக் கணக்கை மூன்று மாதமாவது திறந்து வைத்திருந்து, வரும் தொகையை அதே வாரத்தில் வீட்டு எண்ணோடு நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை நிர்வாகி அந்த வீட்டுக்குப் பாக்கிக் கடிதம் அனுப்பக் கூடாது என்பதையும் கோப்பின் முதல் தாளிலேயே இருவரும் எழுதிக்கொள்ளலாம்.