நீலத்திரையின் மூன்றாவது எண்

சுங்கை சிப்புட் டவுனில் அக்கா நடத்தும் அச்சுக்கடைக் கணினி, நேரம் காலமின்றி நீலத்திரை காட்டி அணைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் `MEMORY_MANAGEMENT`தான். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். பலனில்லை. விண்டோஸோடு வரும் மெமரி சோதனையும் பிழை இல்லை என்றது.

பிறகு, ஒவ்வொரு நீலத்திரைக்கும் விண்டோஸ் `C:\Windows\Minidump` ஃபோல்டரில் எழுதிவைத்திருந்த பதிவுக் கோப்புகளை, அவற்றை அலசும் WinDbg-இல் திறந்து `!analyze -v` கொடுத்தேன். அது குற்றம் சாட்டிய டிரைவர் கோப்புக்குக் கோப்பு மாறியது. டிரைவர்தான் காரணமென்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஆனால் இந்த வரிகள் மட்டும் எல்லாக் கோப்பிலும் அப்படியே இருந்தன:

```
Arg1: 0000000000041792
Arg3: 0000000002000000
```

41792 என்றால் நினைவகப் பக்க அட்டவணையில் ஒரு பதிவு கெட்டிருக்கிறது. அந்தப் பதிவில் இருந்த மதிப்புதான் மூன்றாவது எண். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிட் ஏறியிருக்கிறது. டிரைவர் கெடுத்தால் இவ்வளவு சுத்தமாக ஒற்றை பிட் மாறுவது அபூர்வம். ரேமின் வேலை இப்படித்தான் இருக்கும்.

இரண்டு ரேம் குச்சிகளையும் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டு, MemTest86 என்ற ரேம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒன்றில் மட்டும் பிழை, அதுவும் கணினி நன்றாகச் சூடான பிறகே. நல்ல குச்சியை இரண்டு ஸ்லாட்டிலும் வைத்துப் பார்த்து, போர்டில் குறையில்லை என்று உறுதிசெய்தேன். கெட்டதைக் கழற்றியதும் நீலத்திரை நின்றது. அப்பாடா!