விழா வீடியோவை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் ஸ்டூடியோவில் இப்போது இரண்டு தம்பிகள் எடிட்டிங் பழகுகிறார்கள். கல்யாண வீடியோவை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால், பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்புகளைச் செய்கிறார்கள். நெட் நின்றுபோவது, கரண்ட் போவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அளவைக் குறைக்க ரெசல்யூஷனை மட்டும் மாற்றுவது

ஃபைலின் எடையைத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது வீடியோவின் ஒவ்வொரு விநாடிக்கும் செலவாகும் டேட்டா. 20 எம்பிபிஎஸ் பிட்ரேட்டை அப்படியே விட்டுவிட்டு 1080-ஐ 720 ஆக்கினால் எடை குறையாது. கணக்கு சுலபம்: 1 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. இரண்டு மணி நேர அறுபதாம் கல்யாண வீடியோ 20 எம்பிபிஎஸ்ஸில் 18 ஜிபி வரும். உங்கள் அப்லோடு வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் ஏறி முடிக்கப் பத்து மணி நேரம். அதையே 5 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் 4.5 ஜிபி, இரண்டரை மணி நேரம்.

5 போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தம்பதியர் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக் கலசத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் முப்பது விநாடி மட்டும் எக்ஸ்போர்ட் செய்து டிவியில் பாருங்கள். துளிகள் தெறிக்கும் இடம்தான் பிட்ரேட்டுக்குப் பெரிய சோதனை. கல்யாணம் என்றால் அட்சதை விழும் இடம். அங்கே கட்டம் கட்டமாக உடையவில்லை என்றால் மீதி வீடியோ நன்றாகவே இருக்கும். ஆடியோவைக் குறைக்க வேண்டாம். 192 கேபிபிஎஸ் வைத்தாலும் மணிக்கு 86 எம்பிதான் கூடும், அதைக் குறைத்தால் நாதஸ்வரம் கரகரக்கும்.

லிங்க் சாகும் நேரத்தைப் பார்க்காமல் அனுப்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு தை மாதம், டொராண்டோவில் இருக்கும் ஓர் அக்காவுக்கு அவருடைய அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை அனுப்பினேன். ஏழு நாள் மட்டும் உயிரோடு இருக்கும் லிங்க். ஞாயிறு இரவு 11 மணிக்கு அப்லோடு முடிந்தது. தூங்கி எழுந்து திங்கள் காலை லிங்க்கை அனுப்பி, "ஒரு வாரம் இருக்கும் அக்கா" என்றேன்.

அவர் நர்ஸ், வார நாளில் நேரமே கிடைக்காது. அடுத்த ஞாயிறு மாலை சொந்தக்காரர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பெரிய டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் உட்கார்ந்த பிறகு லிங்க்கைத் திறந்தால், காலாவதி. நமக்குத் திங்கள் விடியற்காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. "தம்பி, எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, ஒண்ணுமே வரலியே" என்றார்.

நடந்தது இதுதான். கடிகாரம் ஓடத் தொடங்கியது அப்லோடு முடிந்த நிமிடத்தில், நான் லிங்க் அனுப்பியபோது அல்ல. நம் ஞாயிறு இரவு 11 மணி என்பது டொராண்டோவில் அப்போது ஞாயிறு பகல் பன்னிரண்டரை. அவர் டிவியைப் போடுவதற்கு ஆறரை மணி நேரம் முன்பே லிங்க் செத்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று அனுப்பிய ஃபைலையும் நான் அழித்திருந்தேன். பார்ட்டி வீட்டிலிருந்து பென்டிரைவை வாங்கி வந்து, திரும்ப எக்ஸ்போர்ட் செய்து, திரும்ப ஏற்றி முடிக்கச் செவ்வாய்க்கிழமை ஆனது. கூடியிருந்தவர்கள் அதற்குள் கலைந்து போய்விட்டார்கள்.

அதனால் இப்போது ஒரு வாரத்தில் சாகும் லிங்க்கை உறவினர்களுக்குக் கொடுப்பதே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றினால் நாமே எடுக்கும்வரை இருக்கும். இலவச 15 ஜிபியை மெயிலும் போட்டோவும் பங்குபோடுகின்றன, நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். ஆகவே இதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். நாள் வரம்பு உள்ள சேவைதான் வழி என்றால், குறைந்தது இரண்டு சனி-ஞாயிறு உள்ளே வரும்படி வையுங்கள், முடியும் நேரத்தை அவர்கள் ஊர் மணியில் எழுதி அனுப்புங்கள். "இறங்கியாச்சு, கடைசிவரை ஓடுது" என்று பதில் வரும்வரை உங்கள் பக்கம் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

அனுமதி கொடுக்க மறப்பது

டிரைவில் `Anyone with the link` என்று மாற்றிவிட்டு, கணக்கில் நுழையாத இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

ஜிப் போட்டுத் துண்டாக்குவது

வேண்டாம். எல்லாத் துண்டும் இறங்கினால்தான் திறக்கும். ஹோமம், கலசாபிஷேகம், தாலி கட்டுதல், ஆசீர்வாதம் என்று தனித்தனி வீடியோவாகவே வெட்டி ஏற்றினால், ஒன்று பாதியில் நின்றாலும் மற்றவற்றைப் பார்க்கலாம்.

யூடியூபில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது

பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால், அவர்கள் நாட்டில் மட்டும் ஓடாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது

நசுக்கிவிடும். சின்னத் துண்டாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.