கடிகாரம் சொல்லும் இதய வயது: எதை வைத்துக் கணக்கிடுகிறது, எவ்வளவு நம்பலாம்?

காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களில் பலரின் கையில் இப்போது ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு "உங்கள் இதய வயது 44" என்று அது சொன்னால் அவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறார்; அதுவே 61 என்று காட்டினால் அன்றைய பொழுது கெட்டுப்போகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும், உங்கள் கடிகாரத்தின் எண்ணை நீங்களே சோதித்துப் பார்ப்பதற்கான வழியையும் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். இதற்கு ஓர் அளவு நாடாவும், நொடி முள் உள்ள கடிகாரமும், கூட்டிக் கழிக்கும் பொறுமையும் போதும்.

முதல் படி: எந்த வயது என்று கண்டுபிடியுங்கள்

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கணக்குகள் உலவுகின்றன. முதலாவது, பெரும்பாலான கடிகாரங்கள் தரும் உடல்தகுதி வயது. உடல் உச்சமாக உழைக்கும்போது ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவை மதிப்பிட்டு, அது எந்த வயதினரின் சராசரியோடு பொருந்துகிறதோ அந்த வயதை உங்களுக்குச் சூட்டுவது இந்த முறை. திரையில் இந்த அளவு VO2 max என்று தெரியும். கார்மின் போன்ற சில நிறுவனங்கள் ஓய்வுநிலைத் துடிப்பு, வாராந்தரக் கடும் உழைப்பு, உடல் எடைக் குறியீடு ஆகியவற்றை வைத்தே இந்த வயதைக் கணிக்கின்றன.

இரண்டாவது இரத்தக்குழாய் வயது. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் எழும் இரத்த அலையின் வடிவத்தைப் படித்து, தமனிகள் எவ்வளவு விறைத்திருக்கின்றன என்று ஊகிப்பது இது. பட்டை தளர்ந்திருந்தாலும் கை குளிர்ந்திருந்தாலும் அந்த அலையின் வடிவம் மாறிவிடும்.

மூன்றாவதுதான் மருத்துவர்கள் இதய வயது என்று சொல்வது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2008இல் வெளியான கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயது, பாலினம், மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், அதற்கான சிகிச்சை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றை அது கேட்கும். இந்தப் பட்டியலில் வயதையும் பாலினத்தையும் தவிர மற்றவை பெரும்பாலான கடிகாரங்களுக்குத் தெரியாது. ஆகவே செயலியின் உதவிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் எண் எந்தெந்த விவரங்களிலிருந்து பிறக்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள். இனி நாம் பார்க்கப் போவது முதல் வகையை மட்டுமே.

இரண்டாம் படி: உள்ளீடுகளைச் சரிபாருங்கள்

நம் வீடுகளில் கடிகாரத்தை அமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் மகனோ மகளோதான். அவசரத்தில் அவர்கள் ஏதோ ஓர் எடையையும் பிறந்த ஆண்டையும் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். பிறந்த தேதி, பாலினம், உயரம், எடை ஆகியவற்றை நீங்களே ஒருமுறை பாருங்கள். உச்சத் துடிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்த எண் இருக்கும். இது சராசரி மட்டுமே; ஒரே வயதுள்ள இருவருக்கிடையே பத்து, பதினைந்து துடிப்பு வேறுபாடு இருப்பது சாதாரணம்.

அடுத்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கையால் எண்ணுங்கள். காலையில் கண்விழித்ததும், காபிக்கு முன்பே, படுத்தபடியே, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து எண்ணி, கடிகாரம் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். சில கடிகாரங்கள் தூக்கத்தின்போது இறங்கும் துடிப்பையும் சேர்த்துக்கொள்கின்றன; சில, விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தை மட்டும் எடுக்கின்றன. அதனால் கடிகாரத்தை மாற்றிய மறுநாளே வயது மாறினால், மாறியது கணக்குதான்.

மூன்றாம் படி: நடையை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள்

நடையை வைத்து VO2 max மதிப்பிடும் கடிகாரங்கள், நீங்கள் எவ்வளவு வேகத்தில் போனபோது இதயம் எவ்வளவு துடித்தது என்ற உறவைத்தான் பார்க்கின்றன. குறைந்த துடிப்பில் அதிக வேகம் என்றால் நல்ல தகுதி என்று பொருள். இங்கேதான் மதுரை வெயில் குறுக்கிடுகிறது. சித்திரை மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு நடக்கும்போது, உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையால் உடலின் நீரும் குறைகிறது. அதே வேகத்தைத் தாங்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலை அறியாத கணக்கு இதை உங்கள் தகுதிக்குறைவு என்று எழுதிக்கொள்ளும். கோடையில் ஏறிய வயது மார்கழியில் தானே இறங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே ஒப்பிட வேண்டிய நடைகள் எல்லாம் விடிகாலையில், ஒரே சமதளப் பாதையில், இருபது நிமிடத்துக்குக் குறையாமல், நிற்காமல் நடந்தவையாக இருக்கட்டும். தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பாதை இதற்குப் பொருத்தமானது. அழகர்கோவில் மலைப்பாதை பொருத்தமற்றது. பட்டையை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்த பட்டையில் ஒளி உணரி, துடிப்புக்குப் பதிலாகக் கால் அடிகளின் தாளத்தை எண்ணிவிடுவதுண்டு. சாதாரண நடையில் துடிப்பு திடீரென்று 120ஐ ஒட்டி அசையாமல் நின்று, நிமிடத்துக்கு நீங்கள் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையும் அதுவாகவே இருந்தால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடுங்கள்.

நான்காம் படி: நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள்

கடிகார நிறுவனங்கள் தம் சூத்திரங்களை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஹண்ட் என்ற பெரிய மக்கள்தொகை ஆய்விலிருந்து 2011இல் வெளியிட்ட சூத்திரம் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஓடாமலேயே VO2 max மதிப்பிடும் இச்சூத்திரம் ஆண்களுக்கு இப்படி அமையும்:

```
VO2 max = 100.27 − (0.296 × வயது) − (0.369 × இடுப்புச் சுற்றளவு, செ.மீ.)
          − (0.155 × ஓய்வுநிலைத் துடிப்பு) + (0.226 × உடலுழைப்புக் குறியீடு)
```

கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 52, இடுப்பு 96 செ.மீ., ஓய்வுநிலைத் துடிப்பு 78. நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருப்பவர், உடற்பயிற்சியும் செய்யாதவர் என்பதால், வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக உடற்பயிற்சி செய்கிறார் என்பதைக் குறிக்கும் உடலுழைப்புக் குறியீட்டை 0 என்று வைப்போம். 100.27இலிருந்து முறையே 15.39, 35.42, 12.09 ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 37.4 கிடைக்கிறது.

இப்போது அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்து, மருத்துவர் மெட்டோபுரோலால் என்ற மாத்திரையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த இம்மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. அவருடைய துடிப்பு 62க்கு இறங்குகிறது. இடுப்பு மாறவில்லை, நடை தொடங்கவில்லை, ஆனால் சூத்திரத்தில் 16 துடிப்புகள் குறைந்ததால் விடை 39.8 ஆகிறது. கூடிய 2.48ஐ, ஓர் ஆண்டுக்கு உரிய 0.296ஆல் வகுத்தால் எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது இரத்த அழுத்த நோயாளி என்று கண்டறியப்பட்ட மாதத்திலேயே அண்ணாச்சியின் இதயம் எட்டு ஆண்டு இளமையாகிவிட்டது! வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிடும் கடிகாரமும் இதே போலத்தான் ஏமாறும். நடக்கும்போதும் துடிப்பு ஏறாமல் மாத்திரை தடுப்பதை அது தகுதி என்று எடுத்துக்கொள்ளும். ஆப்பிள் வாட்சின் செயலியில், இதயத் துடிப்பைப் பாதிக்கும் மருந்துகளைக் குறிப்பிடத் தனி இடம் உண்டு. உங்கள் செயலியிலும் அப்படி இருந்தால் நிரப்புங்கள். இல்லையென்றால், இத்தகைய மாத்திரை எடுப்பவர்கள் அந்த வயதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. எண்ணைக் கண்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

அளவு நாடாவின் செல்வாக்கையும் இதே சூத்திரத்தில் பாருங்கள். தொப்புளுக்குச் சற்று மேலேயோ கீழேயோ வைத்து இரண்டு சென்டிமீட்டர் மாறினாலே இரண்டரை ஆண்டுகள் கூடும் அல்லது குறையும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சூத்திரத்தின் பிழை அளவு. ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி ஓடவிட்டு அளந்த உண்மையான மதிப்புக்கும் இச்சூத்திரத்தின் விடைக்கும் இடையிலான திட்டப் பிழை ஆண்களுக்கு 5.7 என்று அந்த ஆய்வே கூறுகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு விடை இந்த எல்லைக்குள் இருக்கும், மற்றவர்களுக்கு அதையும் தாண்டிப் போகும். இதை மேலே செய்தபடி ஆண்டுகளாக மாற்றினால் 19 வருகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைச் சொல்ல அந்தச் சூத்திரம் மிக நல்லது. 52 வயது மனிதர் ஒருவருக்கு "44" என்று முத்திரை குத்த அதற்கு வலுவில்லை. ஓடிய, நடந்த பதிவுகளைக் கொண்டு கணிக்கும் கடிகாரங்களின் பிழை இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் தகுதி குறைவது மிகச் சிறிய அளவு என்பதால், அதை ஆண்டுக் கணக்காக மாற்றும்போது சிறு பிழையும் பெரிதாகிவிடும் என்பது அவற்றுக்கும் பொருந்தும்.

ஐந்தாம் படி: வயதை விட்டு, மூலத்தைக் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை மூன்றை மட்டும் எழுதுங்கள்: அந்த வாரத்தின் சராசரி ஓய்வுநிலைத் துடிப்பு, ஒரே இடத்தில் அளந்த இடுப்புச் சுற்றளவு, வழக்கமான விடிகாலை நடைக்கு ஆன நேரமும் அப்போதைய சராசரித் துடிப்பும். ஒரே வேகத்தில் துடிப்பு வாரக்கணக்கில் படிப்படியாக இறங்கினால், வயது என்ன காட்டினாலும் தகுதி உயர்கிறது என்று கொள்ளலாம். காய்ச்சல், தூக்கமின்மை, திருமண வீட்டு அலைச்சல் உள்ள வாரங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இடுப்பைப் பொறுத்தவரை தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எச்சரிக்கை எல்லை.

ஆறாம் படி: கடிகாரம் கேட்காததை அளந்துகொள்ளுங்கள்

நம் அண்ணாச்சி பீடி பிடிப்பவராகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலும் மேலே போட்ட கணக்கில் ஓர் எண்கூட மாறாது. ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றையும் தனியே பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கருவியில் 135/85ஐத் தாண்டி அடிக்கடி வந்தால், கடிகாரம் முப்பது வயது என்று காட்டினாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு அவை பயன்படும், செயலியின் வயது பயன்படாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ புதிதாக மூச்சிரைப்போ வந்து, நின்றதும் அடங்கிவிட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள்.