மேஜிக் காட் விளையாட்டில் போல்டை எப்ப போடுவது?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் மேஜிக் விளையாடுற பெடியளுக்கு: எதிராளியின்ர 2/2 கரடியைக் கொல்ல லைட்னிங் போல்டை முந்திப் போடாதேங்கோ. அவர் அதுக்கு ஜயன்ட் குரோத் போடும்வரை பொறுத்து, அது ஸ்டாக்கில், அதாவது போட்ட காட்டுகள் நடக்கக் காத்திருக்கிற அடுக்கில், இருக்கேக்கையே போல்டைப் போடுங்கோ.

ஸ்டாக்கில் கடைசியாய் வந்த காட்தான் முதலில் நடக்கும். நீங்கள் முந்தினால் அவர் பதிலுக்குப் போடுற குரோத் முதலில் நடந்து கரடி 5/5 ஆகும். போல்டின்ர 3 சேதம் அதைக் கொல்லாது. அவர் முந்தினால் போல்ட் முதலில் நடக்கும், கரடி சாகும். இலக்கு இல்லாத குரோத்தும் வீணாய்ப் போகும்; உங்கட ஒரு காட்டுக்கு அவரின்ர ரெண்டு. குழப்பம் வராமல், போடுற காட்டுகளை மேசை நடுவில ஒன்றுக்கு மேல ஒன்றாய் வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாய் எடுங்கோ. ஒவ்வொன்று நடந்த பிறகும் ரெண்டு பேருக்கும் புதிதாய்ப் பதில் போட வாய்ப்பு உண்டு. இதைத்தான் கனபேர் மறக்கிறவை.

சோர்சரி காட்டைப் பதிலுக்குப் போட ஏலாது, இன்ஸ்டன்ட் வேணும். லாண்ட் வைப்பதும் அதைத் திருப்பி மானா எடுப்பதும் ஸ்டாக்குக்கு வராது, அதுகளுக்குப் பதில் போட முடியாது. ஆனால் அவரிட்ட இன்னொரு குரோத் இருந்து, அதைப் போல்டுக்குப் பதிலாய்ப் போட்டால் இந்த வழி பலிக்காது.